‘இத்தனை வருஷம் எப்படிச் சாப்பிட்டீங்க?’

தொழிலாளர் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை முடியப்போகும் நேரம். குற்றச்சாட்டு, உள்விசாரணை, சாட்சிகள் என்று எல்லாவற்றையும் கேட்டு ஓய்ந்தபின் நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர் சாதாரணமாக ஒரு கேள்வி போடுவார். “வேலை போய் ஏழு வருஷம் ஆச்சு. குடும்பத்தை எப்படி ஓட்டினீங்க?”

கூண்டில் நிற்பவர் மானமுள்ள மனிதர். “யார்கிட்டயும் கையேந்தலைங்க. வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டினேன்” என்பார். சொல்லும்போது அவர் குரலில் சிறிது பெருமைகூட இருக்கும். அந்தப் பதில் அப்படியே வாக்குமூலத்தில் பதிவாகும். தீர்ப்பு வரும் நாளில் அந்த ஒரு வரி பல லட்ச ரூபாயை விழுங்கியிருக்கும்.

‘பணிநீக்கம் செல்லாது, மீண்டும் வேலை வழங்க உத்தரவு’ என்று செய்தி வந்தால் நாம் மகிழ்ந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். அந்தத் தீர்ப்பை, தொழிலாளர்கள் சொல்வதுபோல் ‘அவார்டை’, கடைசிப் பத்திவரை படித்துப் பார்க்க வேண்டும். வேலை திரும்பக் கிடைப்பது ஒரு பத்தி என்றால், நடுவில் போன வருடங்களின் சம்பளம் வேறொரு பத்தி. இரண்டாவது பத்திதான் பலரையும் கைவிடுகிறது.

கணக்கு புரிய ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரி. பதினான்கு வருடம் சர்வீஸ் உள்ள மோல்டர், மாதச் சம்பளம் 16,000 ரூபாய். இரவு ஷிஃப்டில் சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்து அடிக்கப் போனார் என்று அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வருகிறது. உள்விசாரணை நடந்து, 2015 மார்ச்சில் வேலைநீக்கம். சமரசப் பேச்சு முறிந்து, வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய், 2022 மார்ச்சில் தீர்ப்பு. இடையில் எண்பத்து நான்கு மாதங்கள்.

நீதிமன்றம் முதலில் பார்ப்பது உள்விசாரணை முறையாக நடந்ததா என்பதை. நம் மோல்டர் விஷயத்தில் சம்பவத்தைப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு தொழிலாளர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களை விசாரணை அதிகாரி நம்பியிருக்கிறார். அந்த இருவரையும் விசாரணைக்கு அழைக்கவில்லை. கடிதத்தின் நகலையும் மோல்டருக்குத் தரவில்லை. குறுக்கு விசாரணை செய்ய முடியாத கடிதத்தை வைத்து ஒருவரின் பிழைப்பைப் பறித்தது நியாயமில்லை, விசாரணை செல்லாது என்கிறது நீதிமன்றம்.

இதோடு ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிடக்கூடாது. விசாரணை செல்லாது என்றானாலும், நிர்வாகம் கேட்டுக்கொண்டால் குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே புதிதாகச் சாட்சி வைத்து நிரூபிக்கலாம். நம் நிர்வாகம் அப்படிக் கேட்டு சூப்பர்வைசரைக் கூண்டில் ஏற்றியது. சட்டையைப் பிடித்ததாகப் புகாரில் இருந்தது, சாட்சியத்தில் கழுத்தைப் பிடித்ததாக மாறியது. அன்றைய ஷிஃப்ட் பதிவேட்டில் எந்தக் குறிப்பும் இல்லை. கூட இருந்ததாகச் சொல்லப்பட்ட இருவரும் இப்போதும் வரவில்லை. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் முடிவெடுத்தது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மீண்டும் வேலை என்ற உத்தரவு இரண்டு வழியாக வரலாம். குற்றமே நிரூபணமாகவில்லை என்பது ஒரு வழி. குற்றம் நடந்தது உண்மை, ஆனால் அதற்கு வேலைநீக்கம் மிகையான தண்டனை என்பது இன்னொரு வழி. தண்டனையைக் குறைக்கும் இந்த அதிகாரம், 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 1971-இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவில் இருந்து வந்தது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. நாம் பேசும் வழக்கு பழைய சட்டத்தின் கீழ் தீர்ந்தது. இரண்டாவது வழியில் வேலை திரும்பக் கிடைத்தால், நடுவிலுள்ள சம்பளத்தில் ஒரு பகுதியோ முழுவதுமோ மறுக்கப்படுவதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. செய்த தவறுக்கு அந்த இழப்பே தண்டனையாகிறது. முதல் வழியில் வந்தவருக்கு எதற்காகத் தண்டனை? அவர் தவறு செய்ததாகவே நிரூபணமாகவில்லையே.

ஆனாலும் நம் மோல்டருக்கு வந்த உத்தரவு இது: மீண்டும் வேலை, பணித் தொடர்ச்சி, ஐம்பது சதவீதப் பின்சம்பளம். பாதியைக் குறைத்ததற்குத் தீர்ப்பு சொன்ன காரணம் ஒரே வாக்கியம். மனுதாரர் இடைப்பட்ட காலத்தில் ஆட்டோ ஓட்டிச் சம்பாதித்ததாகக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டுள்ளார்.

முழுப் பின்சம்பளம் 13,44,000 ரூபாய். பாதி 6,72,000. ஆட்டோவில் அவர் எவ்வளவு சம்பாதித்தார் என்று யாரும் கேட்கவில்லை. முதல் நான்கு வருடம் கூலி வேலைகூட நிலையாக இல்லை. கடைசி மூன்று வருடம்தான் ஆட்டோ. வண்டி வாடகையும் எரிபொருளும் போக மாதம் 7,000 ரூபாய் நின்றது என்று வையுங்கள். முப்பத்தாறு மாதத்துக்கு 2,52,000. அதை ரூபாய்க்கு ரூபாய் கழித்தாலும் அவருக்கு 10,92,000 வந்திருக்க வேண்டும். கணக்குப் போடாமல் பாதி என்று வெட்டியதில் 4,20,000 ரூபாய் போயிற்று. இந்த வெட்டு என்னைக் கோபப்படுத்துகிறது. பட்டினி கிடந்தவருக்கு முழுச் சம்பளம், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட ஓடியாடி உழைத்தவருக்குப் பாதிச் சம்பளம் என்றால், உழைத்ததற்கே அபராதம் விதிப்பதாக அல்லவா ஆகிறது?

உச்ச நீதிமன்றம் இதை எப்போதோ பார்த்துவிட்டது. 1984-இல் டெல்லியிலிருந்து ஒரு வழக்கு. வேலைநீக்கம் செய்யப்பட்டவர் வேறு வழியில்லாமல் குடும்பத்தோடு மாமனார் வீட்டில் தங்கி, அவருடைய நிலக்கரிக் கிடங்கில் ஒத்தாசை செய்து வந்தார். அதை வைத்து அவருக்கு வருமானமுள்ள வேலை இருந்தது என்று நிர்வாகம் வாதாடியது. நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. இதுவும் வேலை என்றால், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பிச்சை எடுப்பதையும் நாளைக்கு வேலை என்று சொல்லிவிடலாமே என்ற பொருளில் கடுமையாகவே எழுதினார்கள்.

2013-இல், மகாராஷ்டிரத்தில் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கு வந்தது. தீர்ப்பாயம் முழுப் பின்சம்பளம் தந்தது, உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, உச்ச நீதிமன்றம் மீண்டும் தந்தது. அப்போது தெளிவாகவே வகுத்தார்கள். வேலைநீக்கம் தவறு என்றானால் பணித் தொடர்ச்சியும் பின்சம்பளமும் இயல்பான விளைவு. தனக்கு வேறு வேலை இல்லை, அல்லது முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில்தான் வேலை இருந்தது என்று தொழிலாளி மனுவிலோ வாக்குமூலத்திலோ சொல்ல வேண்டும். சொன்னபின், அவர் பழைய சம்பளத்துக்கு இணையாகச் சம்பாதித்தார் என்று காட்ட வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது. ஆனால் அதே தீர்ப்பு, சர்வீஸ் காலம், குற்றச்சாட்டின் தன்மை, நிர்வாகத்தின் நிதிநிலை ஆகியவற்றையும் நீதிமன்றம் பார்க்கலாம் என்கிறது. அந்த இடைவெளியில்தான் ‘பாதி’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வேலையே செய்யாத காலத்துக்குச் சம்பளமா என்பது நிர்வாகங்களின் கேள்வி. ஒரு சின்னப் பட்டறைக்கு ஒரே தவணையில் பதின்மூன்று லட்சம் சுமை என்பதும் உண்மைதான். ஆனால் வேலை செய்ய வந்தவரை வாசலில் நிறுத்தியது யார்?

இதையெல்லாம் அறிந்தும் வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் கோரிக்கை மனுவில். ‘மனுதாரர் எங்கும் வேலையில் இல்லை’ என்று அச்சடித்த மாதிரி ஒரு வரியை எழுதிவிடுகிறார்கள். கூண்டில் அவர் ஆட்டோ ஓட்டியதைச் சொன்னதும், மனுவில் சொன்னது பொய் என்றாகிவிடுகிறது. பணம் மட்டுமல்ல, மற்ற சாட்சியத்தின் நம்பகத்தன்மையும் சரிகிறது. உள்ளதை உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பு. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை வேலை தேடி அலைந்தேன், எங்கெல்லாம் கேட்டேன், பிறகு வாடகை ஆட்டோ, செலவு போக நின்றது இவ்வளவு, அது பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை என்று மனுவிலேயே ஒரு பத்தி இருக்க வேண்டும். வண்டி வாடகை கட்டிய ரசீது, வேலை கேட்டு எழுதிய கடிதம், வங்கிக் கணக்கு விவரம் கையிலிருந்தால் சான்றாவணமாக வைக்கலாம். அப்போது அந்தக் கடைசிக் கேள்விக்குக் கூண்டில் சொல்லும் பதில் மனுவில் இருப்பதைத்தான் திரும்பச் சொல்லும். கழிப்பதென்றாலும் ஒரு தொகையைக் காட்டித்தான் கழிக்க முடியும்.

தீர்ப்பின் வாசகத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பின்சம்பளம் எந்தச் சம்பளத்தில்? 2015-இல் வாங்கிய 16,000-லா, நடுவில் போடப்பட்ட ஊதிய ஒப்பந்தங்களின் உயர்வோடா? உத்தரவு அதைச் சொல்லாவிட்டால், தொகையைக் கணக்கிட்டு வாங்கப் பழைய சட்டத்தின் 33-சி(2) பிரிவில் தனி மனு போட வேண்டிவரும். அதற்கும் காலம் ஓடும். ‘பணித் தொடர்ச்சி’ என்ற சொல் விடுபட்டால் நிலைமை இன்னும் மோசம். ஓய்வுபெறும்போது கிராஜுவிட்டி கணக்கில் அந்த ஏழு வருடங்களையும் சேர்ப்பதா என்று மறுபடியும் ஒரு சண்டை வரும். வாதம் முடியும்போதே இந்த இரண்டையும் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிட வேண்டும்.

பழைய சட்டத்தின் கீழ் அவார்டு வெளியிடப்பட்டு முப்பது நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். அதற்குள்ளாகவோ பிறகோ நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கலாம். அந்த நிலைக்காகவே 17-பி பிரிவு இருந்தது. மீண்டும் வேலை என்ற உத்தரவை எதிர்த்து நிர்வாகம் மேலே போனால், வழக்கு முடியும்வரை தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தை மாதாமாதம் தர வேண்டும். நிபந்தனை ஒன்றுதான். அந்தக் காலத்தில் தான் எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை என்று அவர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அவர் போதிய ஊதியத்தில் வேலையில் இருந்தார் என்று உயர் நீதிமன்றம் திருப்தியடைந்தால் அந்தத் தொகை நிற்கும்.

ஆக, ஏழு வருடம் கழித்து மோல்டர் மறுபடியும் அதே கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். மாதம் 7,000 ரூபாய் ஆட்டோ வருமானம் ‘போதிய ஊதியம்’ ஆகாது என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அதை அவர் மறைக்காமல், தொகையோடு, அந்தப் பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் அந்த வாதம் நிற்கும்.