வட்டக்காய் இலையில் வரும் சித்திரம்

வட்டக்காய்க் கொடியின் நுனியில் புதிதாக விரியும் இலை ஒரே பச்சையாக இல்லாமல், கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, மேடு பள்ளமாகக் கொப்புளித்து, ஓரம் சுருண்டு வந்தால், அது பெரும்பாலும் சித்திரவடிவ நோய்தான். வெள்ளரியிலும் இப்படியே வரும். பதுளைக்குச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் வட்டக்காய் போடாத வீடு குறைவு. ஆகவே இந்த இலையைப் பார்க்காதவர்களும் குறைவு. பார்த்தவர்கள் சொல்லும் காரணங்கள்தான் பல: பசளை காணாது, வெயில் கூடிப் போனது, கண்ணூறு.

இலையில் நிறம் மாறுவதெல்லாம் இந்த நோயல்ல. சில வட்டக்காய் இனங்களில் நரம்புகள் பிரியும் மூலைகளில் வெள்ளிப் புள்ளிகள் இயல்பாகவே இருக்கும். அந்த இனத்தின் எல்லாச் செடிகளிலும் ஒரே மாதிரி இருக்கும், இலையும் தட்டையாகவே இருக்கும். அது நோயே இல்லை. வெள்ளைத் தூள் படிந்தாற்போல் இருந்தால் விரலால் துடைத்துப் பாருங்கள். துடைபட்டால் அது பங்கசு. மக்னீசியம் குறைந்தால் கீழே உள்ள முதிர்ந்த இலைகளில்தான் முதலில் தெரியும்: நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி ஒழுங்காக மஞ்சளாகும். சித்திரவடிவ நோயோ ஒழுங்கில்லாமல், இளம் இலையில், வடிவத்தையும் கெடுத்துக்கொண்டு வரும். அதுவும் முதலில் எல்லாச் செடியிலும் வராது. இங்கொன்று, அங்கொன்று என்றுதான் தொடங்கும்.

இதற்குக் காரணமான வைரசுகள் பல. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது வெள்ளரிச் சித்திரவடிவ வைரசு. 1916 இல் அமெரிக்காவில் டூலிட்டில், ஜாகர் என்ற இருவர் தனித்தனியே இதை வெள்ளரியில் விவரித்தார்கள். பெயரில்தான் வெள்ளரி. வாழை, தக்காளி, மிளகாய், களைகள் என 1,200 க்கு மேற்பட்ட தாவர இனங்களில் இது வாழக்கூடியது. இதன் துணிக்கைகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீற்றருக்குள் ஏறக்குறைய 34,000 அடங்கும்.

மருந்து ஏன் இல்லை என்று கேட்பார்கள். பங்கசுக்குத் தனி உடல் உண்டு. அந்த உடலின் வேலையைக் குழப்பும் மருந்தைத் தெளித்தால் செடி தப்பும். வைரசுக்கு அப்படி ஓர் உடல் இல்லை. அது செடியின் கலத்துக்குள் புகுந்து, கலம் தனக்குப் புரதம் செய்யும் அதே பொறியைக் கொண்டு தன்னைப் பெருக்குகிறது. அதை நிறுத்துவதென்றால் செடியின் வேலையையே நிறுத்த வேண்டும். உருளைக்கிழங்கு, வாழை போன்றவற்றில் நுனி இழையத்தை ஆய்வுகூடத்தில் வளர்த்து வைரசு இல்லாத கன்றுகளை உருவாக்குகிறார்கள். சில மாதங்களில் முடியும் வட்டக்காய்க் கொடிக்கு அது ஆகிற காரியமல்ல.

அப்படியென்றால் கவனிக்க வேண்டியது காவியைத்தான். இந்த வைரசைச் செடிக்குச் செடி கொண்டு போவது அழுக்கணவன். இளம் இலையின் அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும் சிறிய மென்பூச்சி அது. எறும்பு வரிசையாகக் கொடியில் ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள், அநேகமாக அது இருக்கும். அழுக்கணவன் ஒரு செடியில் இறங்கியதும் தனக்கு ஏற்றதா என்று அறிய ஊசி போன்ற வாயால் ஒரு தரம் குத்திச் சுவை பார்க்கும். நோயுள்ள இலையை இப்படிச் சில செக்கன்கள் குத்தினாலே வைரசு வாயில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியைக் குத்தும்போது அங்கே இறங்கிவிடும். வாயில் அது சில மணித்தியாலங்களுக்கு மேல் நிலைப்பதில்லை.

பலரும் பிழைவிடும் இடம் இதுதான். பூச்சிநாசினி பட்ட அழுக்கணவன் சாகச் சிறிது நேரம் எடுக்கும். வைரசைக் கடத்தவோ சில செக்கன்கள் போதும். வெளியிலிருந்து பறந்து வருவது சாகுமுன் குத்திவிடும். சில நாசினிகள் அதை அமைதியிழக்கச் செய்து, இன்னும் பல செடிகளுக்குத் தாவ வைக்கும். அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்து செத்துப்போகும். செடியில் குடியிருக்கும் கூட்டத்தைக் குறைக்கலாம், ஆனால் அது மட்டும் நோயை நிறுத்தாது. வைரசு இருக்கும் செடியையே அகற்ற வேண்டும்.

என் மாமா பசறைப் பக்கத் தோட்டமொன்றில் சிறு கடை வைத்திருக்கிறார். சென்ற வருடம் மே மாதக் கடைசியில் கடைக்குப் பின்னால் உள்ள சரிவில் மாமி ஆறு குழிகளில் பன்னிரண்டு வட்டக்காய்ச் செடிகள் வைத்தார். நாலாவது வாரத்தில், வாழையடிக்குப் பக்கத்துக் குழியில் இருந்த இரண்டிலும் திட்டுகள் தெரிந்தன.

"மருந்தடிச்சாச் சரி வருமே புள்ள, நல்லாப் படர்ந்த கொடியப் போய் புடுங்கச் சொல்றியே?" என்றார் மாமி.

விவசாயப் போதனாசிரியரும் வந்து பார்த்துவிட்டுப் பிடுங்கத்தான் சொன்னார். ஆனால் உடனே இழுக்க வேண்டாம் என்றார். பிடுங்கிய செடி வாடியதும் அதிலுள்ள அழுக்கணவன் பக்கத்துக் கொடிக்கு நகர்ந்துவிடும். ஆகவே ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தோம். பூச்சி செத்தபின் வேரோடு எடுத்து, பசளைப் பையில் போட்டுக் கட்டி, தூரத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். கையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம், சாறு மூலமும் இந்த வைரசு தொற்றும் என்பதால்.

வைரசு புகுந்து அடையாளம் தெரிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அதனால் ஒரு தடவை பிடுங்கியதோடு முடியாது. மாமி இரண்டு நாளுக்கு ஒரு தரம் நுனி இலைகளைப் பார்த்தார். பத்து நாளுக்குள் இன்னும் இரண்டு செடிகள் காட்டின, அவையும் போயின. காய் பிடித்தபின் ஒன்பதாவது மாதிரி ஒரு கொடியின் நுனியிலும் வந்தது. எல்லாக் கொடியிலும் காய் திரண்டுவிட்டதால் அதை விட்டுவைத்தோம். பிந்தி வரும் நோய் முன்னரே திரண்ட காயை அவ்வளவாகக் கெடுக்காது. எட்டுக் கொடிகளில் பதினேழு காய் கிடைத்தது. பக்கத்துத் துண்டில் மருந்து மட்டும் அடித்தார்கள். பூக்கும் காலத்தில் அங்கே அநேகமாக எல்லாக் கொடியும் திட்டாகி, காய்கள் சிறுத்து முடிச்சு விழுந்தன. இரண்டு துண்டுகளை வைத்து விதி எழுத முடியாதுதான். இரண்டிலும் விதை ஒன்றல்ல, வெயிலும் ஒன்றல்ல. ஆனாலும் மாமி இந்த வருடம் மருந்துப் போத்தல் வாங்கவில்லை.

நோய் அந்தக் குழியில் முதலில் வந்ததற்குக் காரணம் வாழையடிக் கானில் மண்டியிருந்த கானாவாழையாக இருக்கலாம். அந்த இனத்துக் களையில் வைரசு ஒளிந்திருக்கும் என்பது பழைய கண்டுபிடிப்பு. 1934 இல் புளோரிடாவில் செலரிப் பயிரில் இந்த வைரசின் ஒரு வகை பரவியபோது, ஓரத்துக் கானாவாழைக் களையே அதன் இருப்பிடம் என்று காட்டியவர்களில் அதே டூலிட்டிலும் ஒருவர். பின்னர் செலரியை விட்டு, அந்தக் களைகளை அகற்றியே நோயைக் குறைத்தார்கள். எங்கள் தேயிலை மலைகளிலும் கானாவாழைக்குக் குறைவில்லை. நடுமுன் துண்டைச் சுற்றி அதைப் பிடுங்கிவிட வேண்டும். முற்றாத வேலியாக இரண்டு வரிசை சோளத்தை வட்டக்காய்க்கு மூன்று, நாலு வாரம் முந்தியே போட்டால், பறந்து வரும் அழுக்கணவன் முதலில் அதில் இறங்கிக் குத்தி, வாயிலுள்ள வைரசை அங்கேயே இழக்கும்.

நோய் பிடித்த கொடியின் காயைச் சாப்பிடலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. தாவர வைரசு மனிதருக்குத் தொற்றாது. சுவை குறைந்திருக்கலாம், கறிக்கு ஆகும். விதைக்கு மட்டும் அந்தக் காயை எடுக்க வேண்டாம். விதை மூலம் வருவது குறைவென்றாலும், வந்த ஒரு நாற்றே துண்டு முழுவதற்கும் போதும்.