எரியாத சோலார் தெருவிளக்கு: பழுது எங்கே?

பேருந்து நிறுத்தத்துச் சோலார் விளக்கு எரியவில்லை என்றால் முதல் பழி பேட்டரி மீதுதான் விழும். புதிது வாங்கி மாட்டுவார்கள். சில வாரங்கள் எரியும், பிறகு பழைய இருட்டு. பேட்டரி உண்மையிலேயே செத்திருக்கலாம். ஆனால் அது பட்டினி கிடந்து செத்ததா என்று பார்க்காமல் புதிதை மாட்டினால், அதற்கும் அதே கதிதான்.

பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்புவதும், இரவில் அதை விளக்குக்குத் திறந்துவிடுவதும் கண்ட்ரோலர் என்கிற சிறு பெட்டியின் வேலை. பொழுது சாய்ந்ததை அது பெரும்பாலும் பேனலை வைத்தே தெரிந்துகொள்கிறது. பேனலின் வோல்ட் சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இரவு என்று கணக்கு. அதனால் பட்டப்பகலிலேயே விளக்கைச் சோதிக்க முடியும். கண்ட்ரோலரில் பேனலின் பிளஸ் ஒயரை மட்டும் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். விளக்கு எரிந்தால் பேட்டரியும் கண்ட்ரோலரும் விளக்கும் அடிப்படையில் சரி. பக்கத்துக் கடையின் பெரிய விளக்கு பேனல் மேல் அடித்து, இரவைப் பகலாகக் காட்டுகிறதா என்று பார்க்கலாம்.

எரியவில்லை என்றால் மல்டிமீட்டர் வேண்டும். டி.சி. 200 வோல்ட் அளவில் வைத்தால் எல்லாவற்றுக்கும் போதும்.

ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். 75 வாட் பேனல், 12 வோல்ட் 75 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி, 18 வாட் எல்.இ.டி. விளக்கு. வெயில் ஏறுமுன் காலையில் பேட்டரி முனைகளில் அளந்தால் 11.4 வோல்ட். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. காலியாகிவிட்டால் பேட்டரியைக் காக்கக் கண்ட்ரோலரே விளக்கை நிறுத்திவிடும். ஓரளவு நன்றாகச் சார்ஜ் ஏறும்வரை திரும்பத் தராது. ஆக இருட்டின் காரணம் தெரிந்துவிட்டது. சார்ஜ் ஏன் ஏறவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி.

நண்பகலில் பேனல் ஒயர்களைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி அளந்தால் 20.5 வோல்ட் வருகிறது. 12 வோல்ட் பேட்டரிக்கான பேனலுக்கு இது சரியான அளவு. ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. தூசி படிந்த பேனலும், வேப்பங்கிளை நிழல் விழுந்த பேனலும் வோல்ட்டை ஏறக்குறைய முழுதாகவே காட்டும், ஆம்பியர்தான் விழுந்துபோகும். மீட்டரை 10 ஆம்பியர் முனைக்கு மாற்றி, பேனலின் இரு ஒயர்களுக்கு நடுவே நேராக வைத்தால், நல்ல வெயிலில் இந்தப் பேனல் 4 ஆம்பியருக்கு மேல் தரவேண்டும். தருகிறது. இந்த அளவைப் பேட்டரியில் ஒருபோதும் எடுக்கக்கூடாது. மீட்டர் எரியும், கையும் சுடும்.

பேனல் தப்பித்தது. இனி எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை, பலர் செய்யாத சோதனை. ஒயர்களை மறுபடி மாட்டிவிட்டு, கண்ட்ரோலரின் பேனல் முனைகளிலும் பேட்டரி முனைகளிலும் அளக்க வேண்டும். தெருவிளக்குகளில் அதிகம் இருக்கும் பி.டபிள்யு.எம். வகைக் கண்ட்ரோலர், காலிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது பேனலைப் பேட்டரியோடு நேரடியாக இணைக்கும். அப்போது பேனல் பக்கமும் பேட்டரியின் அளவுக்கு, 12 அல்லது 13-க்கு, இறங்கிவரும். இந்த விளக்கிலோ பேனல் பக்கம் 20 வோல்ட், பேட்டரி பக்கம் 11.4. மின்சாரம் வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளே போகவில்லை. கண்ட்ரோலரின் பேட்டரி முனையில் 11.4-க்குப் பதில் பூஜ்யம் காட்டியிருந்தால் ஃபியூஸோ பச்சை பூத்த இணைப்போதான் காரணம். அங்கும் 11.4 இருப்பதால் போனது கண்ட்ரோலர்.

புதுக் கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது தலைகீழ். மாட்டியதும் பேனல் பக்கம் 12-ஐ ஒட்டி இறங்கினால் சார்ஜ் ஏறத் தொடங்கிவிட்டது.

பேட்டரியின் தீர்ப்பு இதற்குப் பிறகுதான். வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஓய்வுவிட்டு, விளக்கை எரியவிட்டு அளக்க வேண்டும். 18 வாட் விளக்கு இழுப்பது 1.5 ஆம்பியர்தான். நல்ல பேட்டரி 0.1, 0.2 வோல்ட்தான் இறங்கும். 12.6-லிருந்து நிமிடங்களில் 11-க்கு விழுந்தால் உள்ளே தகடு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். லித்தியம் பேட்டரி பூஜ்யம் காட்டினால் உடனே எறிந்துவிட வேண்டாம். அதன் பாதுகாப்புப் பலகை இணைப்பைத் துண்டித்திருக்கலாம், அதற்குரிய சார்ஜர் கொடுத்தால் பல நேரம் விழித்துக்கொள்ளும்.

கம்பத்தில் மின்வாரியக் கம்பியும் போனால் ஏறும் வேலையை லைன்மேனிடம் விட்டுவிடுங்கள். புதுப் பேட்டரி கேட்டு ஊராட்சிக்கு மனு எழுதுகிறவர்கள், காலைப் பேட்டரி வோல்ட், நண்பகல் பேனல் ஆம்பியர், கண்ட்ரோலரின் இரு பக்க வோல்ட் ஆகியவற்றையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.