பத்திரத்தில் தெரு எந்தப் பக்கம்?

மனை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றைப் பார்க்கிறார்கள், தாய்ப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். கிரயப் பத்திரத்தின் கடைசியில் 'சொத்து விவரம்' என்ற தலைப்பில் வரும் அரைப் பக்கத்தை மட்டும் பெரும்பாலோர் படிப்பதில்லை. பத்திரம் எழுதுகிறவர் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார் என்று நம்பிவிடுகிறார்கள். நாம் வாங்கும் நிலம் எது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்வது அந்த அரைப் பக்கம்தான்.

1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 21-வது பிரிவு, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லாத ஆவணத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்கிறது. விவரம் இருக்கிறதா என்பதைப் பதிவு அலுவலகம் பார்த்துவிடும். அந்த விவரங்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றனவா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியவர் வாங்குகிறவர். அதற்கு சர்வேயர் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும். சொத்து விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மனையின் படத்தை வரைய வேண்டும். எங்காவது முரண்பாடு இருந்தால், வரையும்போது கை தானாக நின்றுவிடும்.

ஒரு மாதிரி விவரத்தை எடுத்துக்கொள்வோம். பழைய பத்திரத்தில் 12-ம் எண் மனைக்கு நான்கு எல்லை இப்படி இருக்கிறது: 'கிழமேல் தெருவுக்கும் வடக்கு, 5-ம் எண் மனைக்கும் தெற்கு, 13-ம் எண் மனைக்கும் மேற்கு, 11-ம் எண் மனைக்கும் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள காலி மனை.' நம் ஊர்ப் பத்திரங்களின் வழக்கமான நடை இது. முதல் முறை படிப்பவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். 'தெருவுக்கும் வடக்கு' என்றால் மனை தெருவுக்கு வடக்கே இருக்கிறது என்று பொருள். அப்படியானால் தெரு மனைக்குத் தெற்கில் ஓடுகிறது. '13-ம் எண் மனைக்கும் மேற்கு' என்றால் நம் மனை அதற்கு மேற்கே. 13-ம் எண் மனை நமக்குக் கிழக்கே. இந்த நடையில் திசை சொல்லப்படுவது நம் மனைக்கு. பக்கத்து மனை இருப்பது அதற்கு எதிர்த்திசையில்.

புதிய பத்திரங்களில் பலர் இன்னொரு நடையில் எழுதுகிறார்கள்: 'வடக்கில் 5-ம் எண் மனை, தெற்கில் தெரு, கிழக்கில் 13, மேற்கில் 11.' இதில் திசை பக்கத்துச் சொத்துக்கு உரியது. இரண்டு நடையும் சரியானவையே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதுதான் பிழை நுழைகிறது. 'தெருவுக்கும் வடக்கு' என்றிருந்ததை அவசரத்தில் 'வடக்கில் தெரு' என்று தட்டச்சு செய்துவிட்டால், தெற்குப் பார்த்த மனை காகிதத்தில் வடக்குப் பார்த்த மனையாகிவிடும்.

இந்தப் பிழை இரண்டு வகையாக வரும். நான்கு எல்லையும் சேர்ந்து திரும்பிவிடுவது ஒரு வகை. அதை வரைந்து பார்த்தால் படத்தில் குறை எதுவும் தெரியாது. தாளைத் தலைகீழாகத் திருப்பினால் உண்மையான இருப்போடு பொருந்திவிடும். அதனால் இதைக் கண்டுபிடிக்க, திசை சொல்லும் வேறொரு வாசகம் அதே பத்திரத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும். 'தெற்குப் பார்த்த ஓட்டு வீடு' என்று கட்டட விவரத்தில் இருக்கலாம். 'தென்புறத் தெரு வழியாகப் போக வர உரிமை' என்று நடைபாதை வாசகம் இருக்கலாம். எல்லையில் தெரு வடக்கிலும், கட்டட விவரத்தில் வாசல் தெற்கிலும் இருந்தால் இரண்டில் ஒன்று தவறு.

இரண்டாவது வகை இன்னும் சிக்கலானது. ஒரு ஜோடி மட்டும் திரும்பிவிடும். தெருவும் பின்பக்க மனையும் சரியாக இருக்க, கிழக்கில் 11, மேற்கில் 13 என்று இடம் மாறியிருக்கும். இங்கே தாளை எந்தப் பக்கம் திருப்பினாலும் நிலத்தோடு பொருந்தாது. தெருவில் நின்று மனையைப் பார்க்கும்போது வலது கைப்பக்கம் இருக்க வேண்டிய மனை இடது கைப்பக்கம் வந்துவிடும். பக்கத்து மனைக்காரரிடம் கேட்டு அவருடைய பத்திரத்தைப் பார்ப்பது நல்ல சோதனை. 13-ம் எண் மனையின் பத்திரம் நம் மனையை அதற்கு மேற்கில் காட்ட வேண்டும். அனுமதி பெற்ற மனைப் பிரிவு என்றால் வரைபடத்தில் எண்களின் வரிசையே இதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இனி அளவுக்கு வருவோம். அதே 12-ம் எண் மனைக்கு இப்படி எழுதியிருப்பதாகக் கொள்வோம்: வடபுறம் கிழமேல் 40 அடி, தென்புறம் கிழமேல் 44 அடி, கீழ்புறம் தென்வடல் 60 அடி, மேல்புறம் தென்வடல் 60 அடி, ஆக மொத்தம் 2640 சதுர அடி. வடபுறமும் தென்புறமும் எதிரெதிர்ப் பக்கங்கள். இரண்டின் சராசரி 42. தென்வடல் 60. பெருக்கினால் 2520 சதுர அடிதான் வருகிறது. 2640 எப்படி வந்தது? பெரிய பக்கமான 44-ஐ 60-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசியிருந்தால், இல்லாத 120 சதுர அடிக்கும் வாங்குகிறவர் பணம் கொடுக்கிறார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அந்தக் கணக்கில் 2520 என்பது ஏறத்தாழ 5.79 சென்ட், 2640 என்பது 6.06 சென்ட். பத்திரத்தில் சதுர அடியும் சென்ட்டும் சதுர மீட்டரும் சேர்ந்து வந்தால் மூன்றும் ஒரே நிலத்தைத்தான் சொல்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது.

எல்லை திரும்பி, அளவு திரும்பாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இதே மனையில் பார்க்கலாம். தெரு உண்மையில் தெற்கில். தென்புறம் 44 அடி. ஆகவே தெரு முகப்பு 44 அடி. எல்லையில் 'வடக்கில் தெரு' என்று தவறாக எழுதி, அளவுகளை மட்டும் பழையபடி விட்டுவிட்டால், பத்திரத்தின்படி தெரு முகப்பு 40 அடியாகிவிடும். முகப்பில் 4 அடி குறைந்த மனை அது. வரைந்து பார்க்காமல் வரிகளை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது.

சராசரிப் பெருக்கலில் ஒரு குறை உண்டு. மூலைகள் செங்கோணமாகவோ அதற்கு மிக நெருக்கமாகவோ இருந்தால்தான் அது சரியான விடை தரும். மனை சாய்ந்திருந்தால் உண்மையான பரப்பு எப்போதும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 40-க்கு 60 அடி மனையின் பக்க அளவுகள் அப்படியே இருக்க, ஒரு மூலை 90 டிகிரிக்குப் பதில் 70 டிகிரியாகச் சாய்ந்திருந்தால் பரப்பு 2400 இல்லை. சுமார் 2255 சதுர அடிதான். நான்கு பக்கத்தையும் டேப் பிடித்து அளந்தாலும் இந்தக் குறைவு தெரியாது, ஏனென்றால் பக்கங்கள் சரியாகவே இருக்கும். மூலைக்கு மூலை அளந்தால் தெரிந்துவிடும். செங்கோண மனையில் இரண்டு மூலைவிட்டமும் ஏறத்தாழ 72 அடி 1 அங்குலம் வரும். சாய்ந்த மனையில் ஒன்று 83 அடியை நெருங்கும், மற்றொன்று 60 அடிக்குள் அடங்கிவிடும். மனை கோணலாக இருந்தால் ஒரு மூலைவிட்ட அளவையாவது பத்திரத்தில் எழுதச் சொல்ல வேண்டும், அல்லது அளவோடு கூடிய வரைபடத்தை இணைக்கச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான்கு பக்க அளவு மட்டும் ஒரு கோணல் மனையை நிர்ணயிக்காது.

பெரிய நிலத்தில் ஒரு பகுதியை விற்கும்போது இன்னொரு பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு 10 சென்ட் இருக்கிறது. அதாவது 4356 சதுர அடி. அதில் கீழ்புறப் பகுதியை, அதாவது கிழக்குப் பகுதியை, 2400 சதுர அடி என்று விற்கிறார். அப்படியானால் அவர் கையில் மிஞ்சும் நிலம் மேற்கில் இருக்கும். ஆகவே எல்லையில் 'என் பாக்கி நிலத்துக்கும் கிழக்கு' என்று வர வேண்டும். 'பாக்கி நிலத்துக்கும் மேற்கு' என்று வந்தால், 'கீழ்புறம்' என்ற சொல்லோடு அது மோதுகிறது. விற்றது எந்தப் பாதி என்பதே சந்தேகமாகிவிடும். சில ஆண்டுகள் கழித்து மேல்புறப் பகுதியையும் அவரே 2400 சதுர அடி என்று வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தால், இரண்டும் சேர்ந்து 4800 ஆகிறது. இருக்கும் நிலத்தைவிட 444 சதுர அடி அதிகம். இரண்டாவதாக வாங்குகிறவர் தன் பத்திரத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. முதல் கிரயத்தின் அளவை வில்லங்கச் சான்றிலிருந்து எடுத்து, மொத்தத்தில் கழித்துப் பார்க்க வேண்டும்.

தெரு நேர் கிழமேலாக ஓடாத ஊர்களில் திசையிலேயே கருத்து வேறுபாடு வரும். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடும் தெருவை ஒரு பத்திரம் வடக்கு எல்லை என்றும், பக்கத்துப் பத்திரம் மேற்கு எல்லை என்றும் எழுதியிருக்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தலைமுறை மாறும்போது எழுத்து மாறி, எல்லை கால் சுற்று சுழன்றுவிடும். இந்த இடத்தில் சர்வே துறையின் புலப்படத்தை வைத்து, அதில் காட்டியுள்ள வடக்கையே வடக்காகக் கொண்டு எழுதுவது பாதுகாப்பு. செல்போன் திசைகாட்டி இரும்புக் கேட்டின் அருகே தடம் மாறும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எல்லையும் அளவும் மோதினால் நீதிமன்றம் எதை ஏற்கும்? பொதுவான விதி, தெளிவாகச் சொல்லப்பட்ட எல்லைகளே அளவையும் எண்ணையும்விட முந்தும் என்பது. உச்ச நீதிமன்றம் 1961-ல் ஒரு வழக்கில், 1060 என்று இருக்க வேண்டிய மனை எண் ஆவணங்களில் 160 என்று விழுந்துவிட்டபோதும், எல்லையும் பரப்பும் சரியாகப் பொருந்துவதால் அது வெறும் விவரப் பிழையே என்று தீர்ப்பளித்தது. இந்த விதி காப்பாற்ற வேண்டுமானால் எல்லை சரியாக இருக்க வேண்டும். எல்லையே திரும்பிப் போயிருந்தால் நம் கையில் மிஞ்சுவது மற்ற சாட்சியங்களைத் தேடி அலையும் வழக்குதான்.

பதிவான பிறகு பிழை தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். அதற்கு விற்றவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் எல்லோரும் வர வேண்டும். மறுத்தால் 1963-ம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். எழுத்தர் தரும் வரைவுப் பிரதியில் இதே திருத்தம் சில நிமிட வேலை. ஆகவே பதிவு நாளுக்கு முன்பே அந்த வரைவை வாங்கி, சொத்து விவரத்தை மட்டும் வைத்து ஒரு படம் வரையுங்கள். அதை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய், தெருவில் நின்று, வலம் இடம் பார்த்து, மூலைக்கு மூலை அளந்துவிட்டு வாருங்கள். ஒத்துவராத வரி ஒன்று இருந்தாலும், அது திருத்தி எழுதப்படும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.