ஒரே படத்துக்கு ஒரே பெயர்

டிஜிட்டல் கேமராக்கள் படங்களுக்குப் பெயர் வைப்பதற்கு 1998-இல் ஜப்பானில் ஒரு விதிமுறை வகுக்கப்பட்டது. முதலில் நான்கு எழுத்து, பிறகு 0001 முதல் 9999 வரை ஓர் எண். `IMG_0412`, `DSC_0412` என்ற பெயர்களெல்லாம் அந்த வழியில் வந்தவை. பத்தாயிரமாவது படத்தில் எண் தீர்ந்துபோய் மீண்டும் 0001-இலிருந்து தொடங்கும். ஆகவே வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரண்டு படங்கள் ஒரே பெயரில் இருக்கலாம். இதன் மறுபக்கம்தான் கணினியின் இடத்தைத் தின்கிறது. ஒரே படம் கைபேசியில் ஒரு பெயரிலும், வாட்ஸ்அப்பில் இன்னொரு பெயரிலும், பென்டிரைவில் மூன்றாவது பெயரிலும் கிடக்கும்.

பல ஆண்டுப் படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது இந்த இரண்டு குழப்பமும் ஒன்றாக வெளிப்படும். இவற்றைத் தீர்க்க நிரலாளர்கள் கையாளும் வழி, படத்தின் பெயரை அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு வைப்பது.

அந்தக் கணக்குக்கு ஹாஷ் என்று பெயர். எந்தக் கோப்பும் கணினிக்கு ஒரு நீண்ட எண் வரிசைதான். அந்த வரிசை முழுவதையும் வாங்கி அரைத்து, நிலையான நீளமுள்ள ஒரு விடையைத் தருவது ஹாஷ். இன்று பரவலாகப் பயன்படும் எஸ்.எச்.ஏ-256 என்ற முறை, கோப்பு 10 பைட் என்றாலும் 10 ஜி.பி. என்றாலும் 64 எழுத்துகளில்தான் விடை சொல்லும். 0 முதல் 9 வரையான எண்களும் a முதல் f வரையான எழுத்துகளும் மட்டுமே அதில் இருக்கும். `hello` என்ற சொல்லைக் கொடுத்தால் விடை `2cf24dba` என்று தொடங்குகிறது. முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி `Hello` என்று கொடுத்தால் `185f8db3` என்று ஆரம்பித்து முற்றிலும் வேறாகிவிடுகிறது. கோப்பின் பழைய பெயரும், அது இருக்கும் ஃபோல்டரும், நகலெடுத்த தேதியும் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

ஒரு குடும்பத்தின் படக் களஞ்சியத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தாவின் சதாபிஷேகத்தில் எடுத்த ஒரே படம் ஐந்து கோப்புகளாக இருக்கிறது: கேமராவிலிருந்து வந்த `IMG_0412.JPG`, இரண்டாம் முறை நகலெடுத்ததில் உண்டான `IMG_0412 (1).jpg`, பேரன் பெயர் மாற்றிவைத்த `thatha.jpg`, அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய `IMG-20190414-WA0003.jpg`, யாரோ திறந்து ஒரு குறிப்பு எழுதிச் சேமித்த `thatha-80.jpg`.

பெயர் மாற்றுவதற்கு முன் ஒரு பட்டியல் எடுத்துவைப்பது அவசியம். `IMG-20190414` என்ற பெயரில் தேதி இருக்கிறது. `thatha` என்ற பெயரில் ஆள் இருக்கிறார். ஹாஷ் பெயரில் இரண்டுமே இருக்காது. லினக்ஸில் இதற்கான கட்டளைகள் இவை:

```
sha256sum *.jpg *.JPG > pattiyal.txt
for f in *.jpg *.JPG; do
  h=$(sha256sum < "$f" | cut -c1-64)
  [ "$h" ] && mv -n -- "$f" "$h.jpg"
done
```

முதல் வரி, ஒவ்வொரு கோப்பின் ஹாஷையும் பழைய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கிறது. மற்ற வரிகள் பெயரை மாற்றுகின்றன. அதில் `-n` என்ற சிறு குறிதான் காவல். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அதன்மேல் எழுதாதே என்பது அதன் பொருள். அது இல்லாவிட்டால் இரண்டாவது நகல் முதல் நகலைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காரும். அது இருப்பதால், முதலில் வந்தது புதுப் பெயரைப் பெறுகிறது. நகல்கள் பழைய பெயரிலேயே தங்கிவிடுகின்றன. வேலை முடிந்ததும் பழைய பெயரோடு மிஞ்சியிருப்பவையே நகல்கள். அவற்றைப் பார்த்துவிட்டு அழிக்கலாம்.

கடைசியில் `.jpg` என்று எல்லாவற்றுக்கும் ஒரே வாலை ஒட்டுவதிலும் காரணம் உண்டு. ஒரே படம் `.JPG` என்றும் `.jpg` என்றும் இருந்து, அந்த வாலை அப்படியே விட்டுவிட்டால், ஹாஷ் ஒன்றாக இருந்தும் இரண்டு பெயர்கள் பிழைத்துக்கொள்ளும்.

ஐந்து கோப்புகளில் முதல் மூன்றும் இப்போது ஒரே பெயரில் அடங்கிவிட்டன. மற்ற இரண்டும் தனித்தனிப் பெயரோடு நிற்கின்றன. கண்ணுக்கு ஐந்தும் ஒன்றுதான். ஆனால் ஹாஷ் பார்ப்பது படத்தை அல்ல, பைட்டுகளை. வாட்ஸ்அப் வழக்கமாக ஒரு படத்தை அனுப்பும்போது அளவைக் குறைத்து அழுத்திவிடுகிறது. எனவே அத்தை அனுப்பியது உண்மையிலேயே வேறு கோப்பு. `thatha-80.jpg` விஷயம் வேறு. அதில் படத்தின் ஒரு புள்ளிகூட மாறவில்லை. படத்தோடு சேர்ந்து கோப்புக்குள் பதிவாகும் குறிப்புப் பகுதியில் சில எழுத்துகள் கூடின. அதுவே ஹாஷை மாற்றப் போதும்.

இந்தக் கடைசி வகையைப் பிடிக்க, கோப்புக்குப் பதிலாகப் புள்ளிகளை மட்டும் ஹாஷ் செய்யலாம். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது:

```
identify -format "%# %f\n" *.jpg
```

இது படத்தை விரித்துப் பார்த்து, நிறப்புள்ளிகளிலிருந்து மட்டும் 64 எழுத்து விடையைத் தரும். குறிப்பு எழுதிய படமும் அசலும் இதில் ஒன்றாகிவிடும். வாட்ஸ்அப் நகல் அப்போதும் சேராது. அதற்குப் படத்தைச் சிறிதாக்கி, வெளிச்சமும் நிழலும் எங்கே மாறுகின்றன என்று ஒப்பிடும் வேறு வகைக் கணக்குகள் உள்ளன. அவை 'ஏறக்குறைய ஒன்று' என்றுதான் சொல்லும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடும் என்பதால், அந்த விடையைக் கோப்பின் பெயராக வைப்பது ஆபத்து.

64 எழுத்துப் பெயர் நீளம் என்று சிலர் முதல் 8 எழுத்தை மட்டும் வைத்துக்கொள்வதுண்டு. 8 எழுத்தில் ஏறத்தாழ 429 கோடிப் பெயர்கள் கிடைக்கும், போதுமென்றுதான் தோன்றும். ஆனால் இங்கே ஒவ்வொரு படமும் மற்ற எல்லாப் படங்களோடும் மோத வாய்ப்பிருக்கிறது. 10,000 படங்களில் எங்காவது இரண்டு வெவ்வேறு படங்கள் ஒரே பெயரில் விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டிவிடும். 77,000 படங்களில் அது பாதிக்குப் பாதி. முழு 64 எழுத்தையும் வைத்தால் இந்தக் கவலை இல்லை. தற்செயலாக மோதுவதற்கு நடைமுறையில் வாய்ப்பே கிடையாது.

எம்.டி.5, எஸ்.எச்.ஏ-1 என்ற பழைய முறைகளில் வேறொரு ஓட்டை உண்டு. ஒரே ஹாஷ் வரும்படி இரண்டு வெவ்வேறு கோப்புகளை வேண்டுமென்றே தயாரிக்க முடியும். 2017-இல் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, ஒரே எஸ்.எச்.ஏ-1 விடை தரும் இரண்டு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டுக் காட்டின. வீட்டுப் படங்களுக்கு அப்படி யாரும் மெனக்கெடப்போவதில்லை. முகம் தெரியாதவர்கள் படம் ஏற்றும் இடத்தில் அது பொருட்படுத்த வேண்டிய விஷயம்.

பெயர் மாற்றி முடித்த ஃபோல்டரில் `e3b0c442` என்று தொடங்கும் பெயர் தென்பட்டால் உடனே நிற்க வேண்டும். அது எதுவுமே இல்லாத, பூஜ்ய பைட் கோப்பின் ஹாஷ். நகலெடுக்கும்போது பாதியில் அறுந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சிய கோப்புகள் எத்தனை இருந்தாலும் அந்த ஒரே பெயருக்குத்தான் போய்ச் சேரும். அவை ஒரே படத்தின் நகல்கள் போலத் தெரியும்; உண்மையில் தொலைந்துபோன வெவ்வேறு படங்கள். எவையெவை என்று `pattiyal.txt` சொல்லிவிடும். பழைய கார்டிலோ பென்டிரைவிலோ அந்தப் பெயர்களைத் தேடி மீண்டும் நகலெடுத்துக்கொள்ளலாம்.