தாத்தா பேசட்டும், ஒரு நிமிடம்

முதல் பிறந்தநாள் விழாவில் தாத்தாவிடம் மைக்கைக் கொடுக்கும்போது பெரும்பாலும் கேக்கில் மெழுகுவர்த்தி எரியத் தொடங்கியிருக்கும். மெழுகு உருகும், குழந்தை சிணுங்கும், தாத்தாவுக்கும் பதற்றம் வரும். அதனால் மெழுகுவர்த்தி ஏற்றும் முன்பே அவரைப் பேசவிட வேண்டும்.

என்ன பேசுவது? பலர் குடும்ப வரலாற்றில் தொடங்கி, தாம் பட்ட கஷ்டத்துக்குப் போய், குழந்தையிடம் வந்து சேர்வதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது. நம் பிள்ளைத்தமிழ் இதற்கு நல்ல வழி காட்டுகிறது. அதில் பத்துப் பருவங்கள். கடவுளரிடம் காவல் வேண்டும் காப்புப் பருவம் முதலில் வரும். பிறகு, தலையசைத்து ஆடுவது, கை கொட்டுவது, நடந்து வருவது என்று குழந்தையின் செயல்களே ஒவ்வொன்றாகப் பாடப்படும். தாத்தாவும் அப்படியே குழந்தை இப்போது செய்வதைச் சொன்னால் போதும். அந்தக் குழந்தைக்கு மட்டுமே பொருந்தும் இரண்டு செய்திகள், ஒரு நன்றி, பிறகு வாழ்த்து.

ஒரு வயதுப் பேத்திக்கு இப்படிப் பேசலாம்:

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுத் தங்கத்துக்கு இன்னைக்கு ஒரு வயசு. போன மாசம் வரைக்கும் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னா. இப்பக் கையை விட்டுட்டு நாலு எட்டு வைக்கிறா. என் கண்ணாடியை எங்க ஒளிச்சு வெச்சாலும் கண்டுபிடிச்சு எடுத்துடறா. ராத்திரி பகலா கண் முழிச்சு இவளைப் பார்த்துக்கிட்ட என் மருமகளுக்கும், பிரசவம் பார்த்துத் தாயும் சேயுமா அனுப்பி வெச்ச சம்பந்தி வீட்டாருக்கும் என் நன்றி. கண்ணு, உனக்கு நோய்நொடி வரக் கூடாது. வயிறாரச் சாப்பிடணும். ஆசைப்பட்டதைப் படிக்கணும். போற இடமெல்லாம் நல்லவங்க துணை இருக்கணும். நூறு வயசு நல்லா இரும்மா தங்கம்."

நிதானமாகப் பேசினாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும். இதில் சம்பந்தி வீட்டாரைச் சொன்னதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால் அன்றைக்கு யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் மனத்தாங்கல் நிற்கும். மற்ற பேரக்குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பேசவே கூடாது, அவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். 'டாக்டராகணும், கலெக்டராகணும்' என்பதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். ஒரு வயதுக் குழந்தைக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துவதே பெரிய வாழ்த்து.

நடுவில் தொண்டை அடைத்தால் பேச்சை நிறுத்தி, குழந்தையின் தலையில் கை வையுங்கள். மனம் நிலைப்பட்டதும் கடைசி வாழ்த்தை மட்டும் சொன்னால்கூடப் போதும்.

எழுதியதை முதல் நாளே பாட்டியிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடுங்கள்.