முதல் படியில் நகராத ஏணி, மேலே போனதும் ஏன் வழுக்குகிறது?

கோவளம் மாதிரி கடலோர ஊர்களில் மொட்டை மாடி, போர்ட்டிகோ டைல்ஸில் எப்போதும் கொஞ்சம் மணல் இருக்கும். அங்கே ஏணியைச் சாய்த்து, முதல் படியில் ஏறி ஓர் உதறு உதறிப் பார்த்துவிட்டு ‘ஸ்ட்ராங்கா இருக்கு’ என்று மேலே போவது வழக்கம். அந்தச் சோதனையை நம்ப முடியாது.

ஏணியைப் பிடித்திருப்பது எது?

வழுவழுப்பான பெயின்ட் சுவர் ஏணியைத் தாங்கிப் பிடிக்காது, வெளிப்பக்கமாகத் தள்ள மட்டுமே செய்யும். அந்தத் தள்ளலை எதிர்ப்பது தரையின் உராய்வு மட்டும்தான்.

ஆள் மேலே ஏற ஏற, அவர் எடை ஏணியின் அடியிலிருந்து சுவர்ப் பக்கம் நகர்கிறது. அதைச் சமன் செய்ய சுவரின் தள்ளல் கூடிக்கொண்டே போகும். ஆனால் தரை தரக்கூடிய உராய்வின் உச்சவரம்பு கூடாது. அதனால்தான் கீழே அசையாத ஏணி பாதி வழியில் வழுக்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஏணியின் எடையை விட்டுவிடுவோம். ஆள் உச்சியில் நிற்கும்போது, சுவரின் தள்ளலை உயரத்தால் பெருக்கினால் வருவதும், ஆளின் எடையை அடித்தூரத்தால் பெருக்கினால் வருவதும் சமம். அடித்தூரம் என்பது சுவருக்கும் ஏணிக் காலுக்கும் உள்ள இடைவெளி. உராய்வின் வரம்பு μ × எடை. ஆக, வழுக்காமல் இருக்க:

அடித்தூரம் ÷ உயரம் ≤ μ

இதையே கோணமாகச் சொன்னால் tan θ ≥ 1/μ. எடை இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒல்லியானவருக்கும் குண்டானவருக்கும் ஒரே கோணம்தான்.

ஏணி சுவரைத் தொடும் உயரம் 4 மீட்டர், அடித்தூரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தேவைப்படும் μ 0.5. தரையில் இருப்பதோ 0.4. அப்போ 80% வரை, அதாவது 3.2 மீட்டர் உயரம் வரைதான் ஏற முடியும். மணல் படிந்து μ 0.25 ஆகிவிட்டால், 2 மீட்டரிலேயே கால் நழுவும்.

‘4-க்கு 1’ எங்கிருந்து வந்தது?

4 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர் அடித்தூரம் என்பது பல நாடுகளில் சொல்லப்படும் பாதுகாப்பு விதி. கோணம் சுமார் 76 டிகிரி. நம் கணக்குப்படி, μ குறைந்தது 0.25 இருந்தால்தான் இது உச்சிவரை தாங்கும். ஈரமோ நைஸ் மணலோ அதற்கும் கீழே இறக்கிவிட்டால், விதிப்படி வைத்த ஏணியும் வழுக்கலாம். இன்னும் செங்குத்தாக நிறுத்தினால் ஆளோடு பின்பக்கம் சாயும் ஆபத்து வரும்.

அப்போ என்ன செய்யலாம்?

கால் படும் இடத்தை முதலில் பெருக்கித் துடைத்துவிடுங்கள். ஏணிக் காலில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பிறகு 4-க்கு 1 அளந்து வையுங்கள். தரை மேல் சந்தேகம் இருந்தால், கோணத்தை மட்டும் நம்பாமல் ஏணியை மேலே கயிற்றால் கட்டிவிடுங்கள்.