சோதனை தோற்றபின் அவகாசம் கேட்கும் கடிதம்

செயல்திட்டத்துக்குக் கூடுதல் நாள் கேட்டு அறிவியல் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுமுன், சோதனை உண்மையிலேயே தோற்றதா என்று பார்க்க வேண்டும். எதிர்பார்த்த விடை வராததை எல்லாம் தோல்வி என்று பலர் எழுதிவிடுகிறார்கள்.

உப்புநீரில் பச்சைப்பயறு எவ்வளவு முளைக்கும் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சோதிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிண்ணங்களில் இருபது இருபது பயறு. ஒன்றில் வெறும் நீர். மற்றவற்றில் லிட்டருக்கு 5, 10, 20 கிராம் உப்பு கரைத்த நீர். உப்பு கூடக் கூட முளைப்பு குறைந்தால் அது ஒரு முடிவு. நான்கிலும் ஒரே அளவில் நன்றாக முளைத்திருந்தால் அதுவும் முடிவுதான். கண்டதை எழுதிக் கொடுத்துவிடலாம். வெறும் நீர்க் கிண்ணத்திலேயே முளை வராதபோதுதான் சோதனை தோற்கிறது. மற்ற மூன்றிலும் முளைப்பைத் தடுத்தது உப்பா, வேறு ஏதாவதா என்று அப்போது சொல்ல வழியில்லை.

இதற்குப் பெரும்பாலும் பயறு பழையதாக இருக்கும், அல்லது நீரில் மூழ்கிக் கிடந்திருக்கும். முளைக்கும் விதைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். மூழ்கிய பயறு ஊதி, வழுவழுப்பாகி, கெட்ட நாற்றம் எடுக்கும். எது காரணம் என்று அறிய, அதே பையிலிருந்து பத்துப் பயறை ஊறவைத்து ஈரத் துணியில் கட்டிவைத்தால் போதும். இரண்டு நாளில் பெரும்பாலானவை முளைத்துவிட்டால் பயறில் குறையில்லை, நீர்தான் அதிகம். இதைப் பார்க்காமல் வாங்கும் அவகாசத்தில் அதே தவறு மறுபடி நடக்கும்.

கேட்கும் நாட்களும் சோதனையிலிருந்தே வர வேண்டும். ஊறவைக்க ஒரு நாள், முளைகளை எண்ண நான்கு நாள், அறிக்கைக்கு இரண்டு நாள், ஆக ஏழு நாள். "சில நாட்கள்" என்று எழுதினால் ஆசிரியரால் எதையும் முடிவு செய்ய இயலாது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வழக்கம்போல எழுதியபின் கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய அம்மா, ஆகஸ்ட் 8 அன்று ஒப்படைக்க வேண்டிய எனது செயல்திட்டத்தில், வெறும் நீரில் வைத்த 20 பயறுகளில் 3 மட்டுமே முளைத்தன. அதனால் உப்புநீரின் விளைவை ஒப்பிட முடியவில்லை. அதே பயறு ஈரத் துணியில் நன்றாக முளைத்ததால், கிண்ணத்தில் நீர் அதிகமானதே காரணம் என நினைக்கிறேன். ஈரப் பஞ்சின் மேல் பயறை வைத்து நாளை மீண்டும் தொடங்குகிறேன். ஆகஸ்ட் 14 வரை அவகாசம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் சோதனையின் பதிவுகளை இணைத்துள்ளேன்."

உடல்நலமோ மின்தடையோ உண்மையில் குறுக்கிட்டிருந்தால் ஒரு வரி போதும். ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே கடிதம் ஆசிரியர் கையில் சேர வேண்டும். அவகாசம் கிடைக்காவிட்டால், முதல் சோதனையின் பதிவுகளையும் துணிச் சோதனையின் விவரத்தையும் சேர்த்து, உப்பைப் பற்றி முடிவு எதுவும் சொல்லாமல் அறிக்கையை ஒப்படைக்கலாம்.